குழந்தைக்கு ஏடிஹெச்டியா? பரிசோதனையிலிருந்து வகுப்பறை வரை, ஒவ்வொரு படியாக

"மொபைலைக் கொடுத்தால் மூணு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கா கவனக் குறைபாடு?" கவனக் குறைவும் துறுதுறுப்பும் சார்ந்த ஏடிஹெச்டி என்று யாராவது வாயெடுத்தால் வீட்டில் முதலில் வருவது இந்தக் கேள்விதான். கேள்வி நியாயமானது, அதனால் அதிலிருந்தே தொடங்கலாம். மொபைல் விளையாட்டில் சில விநாடிக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பலன் கிடைத்துக்கொண்டே இருக்கும், புள்ளி ஏறும், சத்தம் வரும், அடுத்த லெவல் திறக்கும். வாய்ப்பாடு எழுதும்போது அப்படி எதுவும் கிடைப்பதில்லை, பலன் பரீட்சையில் வரும், அதாவது இரண்டு மாதம் கழித்து. ஏடிஹெச்டி உள்ள குழந்தையிடம் கவனம் இருக்கிறது. சலிப்பான வேலையில், பலன் தள்ளி இருக்கும் வேலையில், அதை நிறுத்தி வைப்பதுதான் முடியவில்லை. இந்த ஒரு விஷயம் புரிந்தால், பள்ளியிலும் வீட்டிலும் செய்ய வேண்டிய மாற்றங்கள் பெரும்பாலும் அதிலிருந்தே வந்துவிடும்.

இது 6 முதல் 12 வயது வரை உள்ள, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கான வழிகாட்டி. பேச வசதியாக ஒரு பையனை உடன் அழைத்துப் போவோம். கற்பனைப் பையன்தான், ஆனால் இவனைப் போன்றவர்களை எந்தப் பள்ளியிலும் பார்க்கலாம். மூன்றாம் வகுப்பு, எட்டு வயது. போர்டில் இருப்பதைப் பாதிகூட எழுதி முடிப்பதில்லை, பென்சில் தினமும் தொலைகிறது, டைரியில் வீட்டுப்பாடம் எழுதியிருக்காது, வீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் அரை மணி நேர வேலை இரண்டு மணி நேரம் இழுக்கிறது. ஓடித் தாவும் பிள்ளையும் இல்லை. மிஸ் சொல்வது, "நல்ல பையன்தான், ஆனா இங்கேயே இருக்க மாட்டான்."

முதல் படி: புகாரை நிகழ்ச்சியாக மாற்றுங்கள்

மருத்துவரிடம் போய் "ரொம்ப வாலு", "சொன்ன பேச்சே கேக்கறதில்ல" என்று சொன்னால் அவரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எல்லாப் பெற்றோரும் சொல்வது அதுதான். அதற்குப் பதிலாக இரண்டு வாரம் ஒரு நோட்டில் நடந்ததை எழுதுங்கள். என்ன வேலை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் உட்கார்ந்தான், எத்தனை முறை நினைவூட்ட வேண்டியிருந்தது. நம் பையனின் நோட்டில் இப்படி ஒரு வரி: "செவ்வாய் மாலை 6:10, தமிழ் ஐந்து வரி எழுத வேண்டும், 7 நிமிடம் எழுதினான், தண்ணீர் குடிக்கப் போனான், அங்கேயே நின்றுவிட்டான், மூன்று முறை கூப்பிட்டேன், முடித்தது 7:00." இந்த ஒரு வரியில் மருத்துவருக்கு வேண்டியதும் இருக்கிறது, பின்னால் நமக்கு வேண்டியதும் இருக்கிறது. அந்த 7 நிமிடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மறுபடியும் வருவோம்.

சேர்த்து எழுத வேண்டிய இன்னொன்று குடும்பக் கதை. "அவங்க அப்பாவும் சின்ன வயசுல இப்படித்தான், இப்ப நல்லா இல்லையா?" என்று பாட்டி சொல்வார். அது சமாதானத்துக்காகச் சொல்வது. ஆனால் ஏடிஹெச்டி மரபுவழியாக மிக அதிகமாக வருகிற ஒன்று என்பதால் மருத்துவருக்கு அது ஒரு முக்கியத் தகவல், மறக்காமல் சொல்லுங்கள். இனிப்பு, சாக்லெட் தின்பதால்தான் இப்படி என்பதை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. சர்க்கரை கொடுத்தும் கொடுக்காமலும், யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாமல் சோதித்தவற்றை 1995-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள், நடத்தையில் வித்தியாசம் தென்படவில்லை. பல்லுக்காக இனிப்பைக் குறையுங்கள், அது வேறு கணக்கு.

இரண்டாம் படி: யாரிடம் போவது

குழந்தை மனநல மருத்துவர், அல்லது குழந்தை வளர்ச்சியில் தனிப் பயிற்சி பெற்ற மருத்துவர், இவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். தமிழ்நாட்டில் அரசுப் பக்கம் போவதென்றால் மாவட்டத்தில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைக் கேளுங்கள். டிஇஐசி என்று சொன்னால் ஆஸ்பத்திரியில் புரியும், தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் 18 வயது வரை பார்க்கிறார்கள். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, முட்டுக்காட்டில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், வேலூர் சிஎம்சி, கொஞ்சம் தள்ளிப் போக முடிந்தால் பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகிய இடங்களிலும் பார்க்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஏடிஹெச்டியைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. மூளையை மேப் எடுத்துக் காட்டுகிறோம் என்று கலர் கலராக அச்சடித்துக் கையில் கொடுத்து, அதைக் காட்டியே இத்தனை மாத பேக்கேஜ் என்று பேசும் இடங்கள் இருக்கின்றன. அந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவு சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஐக்யூ சோதனையும் அப்படித்தான். வேறு கேள்விகளுக்கு அது தேவைப்படலாம், ஏடிஹெச்டி உண்டா இல்லையா என்பதை அது தீர்மானிக்காது.

மூன்றாம் படி: மதிப்பீட்டில் உண்மையில் என்ன நடக்கிறது

உலகம் முழுக்கப் பெரும்பாலும் பயன்படுவது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 என்ற 2013-ஆம் ஆண்டுக் கையேடு. அதில் கவனம் சார்ந்த அறிகுறிகள் ஒன்பது, துறுதுறுப்பும் அவசரமும் சார்ந்தவை ஒன்பது. ஏதாவது ஒரு பக்கத்தில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், படிப்பையோ பழகுவதையோ உண்மையிலேயே பாதிக்க வேண்டும். இவற்றோடு இன்னொரு நிபந்தனை: இரண்டு இடங்களிலாவது அறிகுறிகள் தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும் என்றால் பள்ளியில் ஏதோ பிரச்சினை இருக்கலாம், பாடம் புரியவில்லை, யாரோ மிரட்டுகிறார்கள். வீட்டில் மட்டும் என்றால் வீட்டில் பார்க்க வேண்டும்.

இரண்டு இடங்களையும் பார்க்க மருத்துவர் எல்லா இடத்துக்கும் வர முடியாது, அதனால் படிவம். வாண்டர்பில்ட் அளவுகோல் என்பது பரவலாகப் பயன்படும் ஒன்று. பெற்றோருக்கான படிவத்தில் 55 கேள்வி, ஆசிரியருக்கானதில் 43. முதல் ஒன்பது கேள்வி கவனம் பற்றி, அடுத்த ஒன்பது துறுதுறுப்பு பற்றி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்: ஒருபோதும் இல்லை என்றால் 0, எப்போதாவது என்றால் 1, அடிக்கடி என்றால் 2, மிக அடிக்கடி என்றால் 3. இதில் 2, 3 மட்டும்தான் அறிகுறியாகக் கணக்கில் வரும். மீதிக் கேள்விகள் எதிர்த்துப் பேசுவது, பயம், சோர்வு போன்றவற்றைத் துழாவுகின்றன. கடைசியில் படிப்பும் பழக்கமும் எப்படி என்று 1 முதல் 5 வரை போட வேண்டும், அதில் 4, 5 வந்தால் பாதிப்பு இருக்கிறது என்று பொருள்.

நம் பையனுக்கு வந்ததைப் பார்ப்போம். அம்மா நிரப்பியதில் கவனப் பகுதியில் 7 கேள்விகளுக்கு 2 அல்லது 3, துறுதுறுப்பில் 3 மட்டும். மிஸ் நிரப்பியதில் கவனத்தில் 8, துறுதுறுப்பில் 2. எழுதுவதில் இருவரும் 5 போட்டிருந்தார்கள், வேலையை முடிப்பதிலும் மிஸ் 5 போட்டிருந்தார். இரண்டு இடத்திலும் கவனப் பகுதி ஆறைத் தாண்டுகிறது, துறுதுறுப்பு தாண்டவில்லை. கவனக் குறைவு மேலோங்கிய வகை என்று இதைச் சொல்வார்கள். மேசைமேல் ஏறாத, யாரையும் தொந்தரவு செய்யாத இந்த வகைதான் வருஷக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் போகிறது, குறிப்பாகப் பெண் குழந்தைகளில். "கனவு கண்டுட்டே இருக்கா" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள்.

படிவத்தை ஆசிரியரிடம் கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஜூன் மாதம் புதிதாக வந்த மிஸ்ஸிடம் ஜூன் மாதமே கொடுத்தால் பயனில்லை, அவருக்குப் பிள்ளையை ஒன்றிரண்டு மாதமாவது தெரிந்திருக்க வேண்டும். வகுப்பாசிரியர் ஒருவர், கணக்கு ஆசிரியர் ஒருவர் என்று இரண்டு பேரிடம் வாங்க முடிந்தால் நல்லது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளாமல் நிரப்ப வேண்டும். படிவத்தை நீங்களே எடுத்து நிரப்பி எண்ணிக்கை வந்துவிட்டது என்று முடிவு கட்டவும் வேண்டாம். அது மருத்துவரின் விசாரணைக்கு ஒரு துணை, அவ்வளவுதான்.

நான்காம் படி: அச்சு அசல் இதே மாதிரி இருக்கும் வேறு காரணங்கள்

மதிப்பீட்டில் பாதி வேலை இதுதான், அவசரமாக முடித்தால் தப்பு நடப்பதும் இங்கேதான். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இரவில் வாயால் மூச்சு விட்டுக் குறட்டை விடும் பிள்ளைக்கு மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம், தூக்கம் உடைந்து உடைந்து பகலில் கவனமே இருக்காது. இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு ஆகியவற்றையும் சந்தேகம் இருந்தால் பார்ப்பார்கள். சில விநாடி அப்படியே வெறித்துப் பார்த்துவிட்டு, கூப்பிட்டாலும் தொட்டாலும் திரும்பாமல், பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தொடர்கிறான் என்றால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம், அப்போதுதான் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இஇஜி வேண்டும். கனவு காணும் பிள்ளை தோளைத் தொட்டால் திரும்பிவிடும், வீட்டிலேயே கவனிக்கக்கூடிய வித்தியாசம் இது.

அப்புறம் கற்றல் குறைபாடு. வாசிக்கவே வராத பிள்ளை வாசிக்கும் நேரத்தில் வேறெங்கோ பார்க்கத்தான் செய்யும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் மிகச் சாதாரணம், அதனால் ஏடிஹெச்டி என்று முடிவானாலும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் தனியாகச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வயதையும் பாருங்கள். ஒரே வகுப்பில் பதினோரு மாதம் மூத்தவனும் இளையவனும் உட்கார்ந்திருப்பார்கள். வகுப்பில் வயதில் சின்னவர்களுக்கு இந்த முத்திரை அதிகம் குத்தப்படுகிறது என்று பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இளையவனை வகுப்போடு ஒப்பிடாதீர்கள், அவன் வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடுங்கள்.

நம் பையனுக்குக் கண்ணில் லேசான குறை இருந்தது, கண்ணாடி போட்டார்கள். உடனே வீட்டில் "பார்த்தீங்களா, கண்ணுதான் காரணம்" என்று பேச்சு. மருத்துவர் ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கச் சொன்னார், அதுதான் சரி. போர்டைப் பார்த்து எழுதுவதில் தப்புகள் குறைந்தன. ஆனால் முடிக்காமல் விடுவது குறையவில்லை, டைரியும் பென்சிலும் அப்படியேதான். பென்சில் தொலைவதற்குக் கண்ணாடி மருந்தில்லை. வாசிப்பு வகுப்புக்குத் தகுந்தபடி இருந்தது. அதற்குப் பிறகுதான் ஏடிஹெச்டி என்று எழுதினார்.

ஐந்தாம் படி: பள்ளியில் மூன்றே மூன்று விஷயம்

அறிக்கை கைக்கு வந்ததும் பெற்றோர் செய்வது அதை ஜெராக்ஸ் எடுத்துப் பள்ளியில் கொடுப்பது. பன்னிரண்டு பக்க அறிக்கையை 40 பிள்ளைகள் உள்ள வகுப்பின் மிஸ் படிக்க மாட்டார், படித்தாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும் இருபது பரிந்துரையை நிறைவேற்ற முடியாது. ஒரு பக்கத்தில் மூன்று வேண்டுகோளோடு போங்கள்.

இடம்: ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி, மிஸ் நடக்கும் வழியில், அமைதியான பிள்ளை பக்கத்தில். முதல் பெஞ்சாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மிஸ் எட்டித் தொடும் தூரம் வேண்டும், ஏனென்றால் பெயர் சொல்லிக் கத்தாமல் போகிற போக்கில் மேசையை ஒரு தட்டு தட்டினால் போதும் என்று பையனோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். நாற்பது பேர் முன்னால் ஒரு நாளைக்குப் பதினைந்து முறை பெயர் கூப்பிடப்படும் பிள்ளை, ஒரு மாதத்தில் அந்தப் பெயருக்கே திரும்பாமல் போய்விடும்.

எழுதுவது: கேள்வியையும் சேர்த்துப் போர்டிலிருந்து எழுத வைக்க வேண்டாம், விடை மட்டும் எழுதட்டும். போர்டைப் பார்த்து, நினைவில் பிடித்து, தலையைக் குனிந்து, விட்ட இடத்தைக் கண்டுபிடித்து எழுதுவது என்பது அவனுக்கு எது வராதோ அதையே ஒரு பீரியடில் நூறு முறை செய்யச் சொல்வது. பத்துக் கணக்கு என்றால் ஐந்தைக் கொடுத்து, அதை எடுத்துக்கொண்டு மிஸ்ஸிடம் வரச் சொல்லி, அடுத்த ஐந்தைக் கொடுக்கலாம். எழுந்து நடப்பதற்கும் ஒரு வழி கிடைக்கிறது.

மூன்றாவது வேண்டுகோள், இதை எழுத்திலேயே கேளுங்கள்: தண்டனையாக பி.டி. பீரியடை வெட்டக் கூடாது. முடிக்காத வேலையை பி.டி. நேரத்தில் உட்கார்ந்து முடிக்க வைப்பது நம் பள்ளிகளில் வழக்கம். ஓடி விளையாடிய பிறகு இந்தப் பிள்ளைகளுக்குக் கவனம் கொஞ்சம் நன்றாகவே இருக்கும். அதைப் பிடுங்கினால் அடுத்த இரண்டு பீரியடும் போச்சு, நஷ்டம் மிஸ்ஸுக்குத்தான்.

ஆறாம் படி: தினசரி அட்டை

ஏடிஹெச்டிக்குப் பள்ளியில் செய்யக்கூடியவற்றில் ஆதாரம் நன்றாக உள்ளதும் செலவே இல்லாததும் இதுதான், ஆனால் தப்பாகச் செய்யப்படுவதும் இதுதான். சின்ன அட்டை, அதில் இரண்டு மூன்று இலக்கு, மிஸ் டிக் போட்டு அனுப்புவார், அன்றைக்கு மாலையே வீட்டில் ஒரு சின்னப் பலன். தள்ளி இருக்கும் பலனைப் பக்கத்தில் இழுத்து வருகிறோம், வேறொன்றுமில்லை.

முதல் வாரம் அட்டையே வேண்டாம், எண்ணுங்கள் மட்டும். கணக்கு பீரியடில் கொடுத்த பத்துக் கணக்கில் எத்தனை முடித்தான்? திங்கள் 3, செவ்வாய் 5, புதன் 4, வியாழன் 2, வெள்ளி 6. கூட்டினால் 20, சராசரி 4. டைரி முழுசாக எழுதியது ஐந்து நாளில் ஒரு நாள். காலையில் பை திறந்தபோது பென்சில், ரப்பர் இருந்தது இரண்டு நாள்.

இரண்டாம் வாரம் இலக்கு வைக்க வேண்டும். இங்கேதான் எல்லாரும் 10 என்று எழுதுவார்கள். எழுதினால் பையன் முதல் நாளே தோற்பான், மூன்றாம் நாள் அட்டை கிழிந்திருக்கும். சராசரி 4 என்றால் இலக்கு 5. "மத்த பிள்ளைங்க பத்து போடறாங்க, இவனுக்கு அஞ்சுக்கே பரிசா?" என்று மிஸ் கேட்டால், கேட்கட்டும், பதில் இதுதான்: ஐந்து நாளில் நாலு நாள் ஜெயிக்கிற மாதிரி இலக்கு இருந்தால்தான் அட்டை வேலை செய்யும், நாலு நாள் ஜெயித்த வாரங்கள் அடுத்தடுத்து இரண்டு வந்தால் 6 ஆக்குவோம், பிறகு 7. நம் பையனின் அட்டையில் இருந்தவை:

- கணக்கில் குறைந்தது ஐந்து முடித்தேன்: ஆம் / இல்லை
- மணி அடிக்கும் முன் டைரி எழுதி மிஸ்ஸிடம் காட்டினேன், ஒரு நினைவூட்டலோடு: ஆம் / இல்லை
- கடைசி பீரியடில் பென்சில் டப்பா பைக்குள் போனது: ஆம் / இல்லை

மூன்றும் கண்ணால் பார்க்கக்கூடியவை. "ஒழுங்காக இருந்தேன்", "கவனித்தேன்" என்று எழுதினால் மிஸ்ஸின் மனநிலையைப் பொறுத்து டிக் விழும்.

பலன் அன்றைக்கே வேண்டும், பெரிதாக வேண்டாம். மூன்றில் இரண்டு ஆம் என்றால் தெருவில் இருபது நிமிடம் கூடுதல் விளையாட்டு, அல்லது இரவு என்ன டிபன் என்று அவன் சொல்வது, அல்லது அப்பாவோடு வண்டியில் ஒரு ரவுண்டு. "ஆண்டுத் தேர்வில் நல்ல மார்க் எடுத்தால் சைக்கிள்" என்பது இந்தப் பிள்ளைக்கு ஒரு பலனே இல்லை, ஏப்ரல் மாதம் அவன் கண்ணுக்குத் தெரியாது.

எங்கே கெடும்? மூன்றாம் வாரத்தில் பலன் சலித்துவிடும், அதனால் ஐந்தாறு பலன்களை எழுதி வைத்து மாற்றிக்கொண்டே இருங்கள். அட்டை தொலைந்தால் அன்றைக்குப் பலன் இல்லை, திட்டும் இல்லை, நாளைக்குப் புது அட்டை. சில மிஸ் அட்டையில் சிவப்பு மையில் அன்றைய குற்றப் பட்டியலையே எழுதுவார்கள், பையன் அதை வீட்டில் காட்டப் பயந்து தொலைத்துவிடுவான், டிக் மட்டும் போதும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வீட்டில் தாத்தா, "குழந்தை முகம் வாடிடுச்சு" என்று ஜெயிக்காத நாளிலும் வண்டியில் அழைத்துப் போனால் அட்டை அன்றோடு செத்தது. தாத்தாவிடமே பலன் கொடுக்கும் பொறுப்பைக் கொடுத்துவிடுவது நல்ல தந்திரம், அப்புறம் விதியை அவரே காப்பாற்றுவார்.

நான்கு வாரத்தில் ஒன்றுமே நகரவில்லை என்றால் பிள்ளையைக் குற்றம் சொல்லும் முன் மூன்றைப் பாருங்கள்: இலக்கு உயரமா, பலன் அன்றைக்கே போய்ச் சேர்கிறதா, டிக் உண்மையில் அன்றன்றைக்குத்தான் விழுகிறதா அல்லது வெள்ளிக்கிழமை ஐந்து நாளுக்கும் சேர்த்தா.

ஏழாம் படி: வீட்டில்

அந்த 7 நிமிடம் ஞாபகம் இருக்கிறதா? அவனால் தானாக உட்கார முடிவது அவ்வளவுதான். ஆகவே அட்டையில் செய்தது போலவே ஒன்று மட்டும் கூட்டி, வீட்டுப்பாடத்தை எட்டு நிமிடத் துண்டுகளாக உடைக்க வேண்டும், நடுவில் மூன்று நிமிடம் எழுந்து நடக்கலாம், மொபைல் கிடையாது, ஏனென்றால் அதிலிருந்து திரும்பி வர முடியாது. முள் ஓடுவது தெரிகிற கடிகாரம் எதிரில் இருக்கட்டும். "இன்னும் பத்து நிமிஷம்" என்று நாம் வாயால் சொல்வது அவனுக்குள் எங்கும் போய் உட்காராது. இரண்டு வாரம் சரியாக ஓடினால் பத்து நிமிடம் ஆக்குங்கள்.

கட்டளை சொல்வதிலும் மாற்றம் வேண்டும். சமையலறையிலிருந்து "டிவிய ஆஃப் பண்ணிட்டு கை கழுவிட்டு புக் எடுத்து உக்காரு" என்று சொன்னால் முதலாவதும் காதில் விழாது, கடைசி மட்டும் விழலாம். கிட்டே போய், தோளில் கை வைத்து, ஒன்றே ஒன்று: "டிவியை ஆஃப் பண்ணு." பிறகு பத்து விநாடி பேசாமல் நிற்க வேண்டும். அந்தப் பத்து விநாடிதான் கஷ்டம், பெரியவர்களுக்கு. செய்ததும் ஒரு சொல் பாராட்டு, அடுத்தது.

காலை நேரத்துக்கு ஒரே வழி இரவு. பை, பெல்ட், ஐடி கார்டு, ஷூ எல்லாம் வாசலருகே ஒரே இடத்தில், படுக்கப் போகும் முன். செய்ய வேண்டியதைப் படமாக வரைந்து கதவில் ஒட்டுங்கள், "பல் தேய்ச்சியா, குளிச்சியா" என்று கேட்பதற்குப் பதிலாக "படத்தில் எங்கே இருக்கே?" என்று கேளுங்கள்.

டியூஷன் பற்றி ஒரு வார்த்தை. நாள் முழுக்கக் கட்டி வைத்த கவனம் நாலு மணிக்கு வற்றிவிடும், அதற்கு மேல் ஏழரை வரை இன்னொரு பெஞ்சில் உட்கார வைத்தால் கிடைப்பது திட்டும் சண்டையும்தான். தேவை என்றால் ஒருவருக்கு ஒருவராக அரை மணி நேரம், விளையாடி முடித்த பிறகு.

எட்டாம் படி: மருந்து

ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சிதான், மருந்து அப்புறம். ஆறு வயதுக்கு மேல் மருந்தும் மேலே சொன்ன மாற்றங்களும் சேர்ந்து போகும். எது, எவ்வளவு என்பது மருத்துவர் முடிவு, இங்கே சொல்லப்போவது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது மட்டும்.

முதலில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் மெத்தில்ஃபெனிடேட். குறுகிய நேர மாத்திரையின் வேலை ஏறத்தாழ நாலு மணி நேரம்தான், அதனால் காலையில் போட்டது மாலை வீட்டுப்பாடத்துக்கு உதவாது, நீண்ட நேர வகையும் உண்டு. பலன் அன்றைக்கே தெரியும். அட்டை இங்கேயும் உதவுகிறது: மருந்துக்கு முன் இரண்டு வாரம், பின் இரண்டு வாரம், டிக்குகளை எண்ணினால் "கொஞ்சம் பரவாயில்ல போல" என்பதைவிடத் தெளிவான பதில் மருத்துவருக்குக் கிடைக்கும். அட்டோமாக்ஸெட்டின் என்ற இன்னொரு மருந்து மெதுவாக வேலை செய்யும், முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நாலு நாளில் விட்டுவிடக் கூடாது.

பசி குறைவதும் தூக்கம் தள்ளிப் போவதும் மெத்தில்ஃபெனிடேட்டில் அடிக்கடி வருபவை. டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு மாத்திரை, மாலையிலும் இரவிலும் நன்றாகச் சாப்பாடு என்று ஈடுகட்டலாம். ஒவ்வொரு முறை போகும்போதும் உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் இதய நோயோ திடீர் மரணமோ இருந்தால் தொடங்கும் முன்பே சொல்லுங்கள். பிள்ளை பேச்சே இல்லாமல் மந்தமாகிவிட்டால் "அடங்கிட்டான்" என்று சந்தோஷப்பட வேண்டாம், அளவு கூடிப்போயிருக்கலாம், மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் மெத்தில்ஃபெனிடேட் ஷெட்யூல் எக்ஸ் என்ற, விற்பனைக்குக் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் பட்டியலில் இருக்கிறது. சீட்டு இரண்டு பிரதியாக வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார், எல்லாக் கடையிலும் கிடைக்காது. கடைசி மாத்திரை வரை காத்திருந்து பொங்கல் லீவில் அலையாதீர்கள்.

ஒன்பதாம் படி: சலுகையும் காகிதமும்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் உண்டு. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் இருக்கிறது, ஏடிஹெச்டி தனிப் பெயராக இல்லை. ஆகவே பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கும்போது ஏடிஹெச்டி என்ற அறிக்கை மட்டும் போதாமல் போகலாம். கற்றல் குறைபாடும் சேர்ந்திருந்தால் அதற்குரிய சான்றிதழைப் பத்தாம் வகுப்பு வரை தள்ளாமல் முன்பே வாங்கி வைப்பது இதற்காகத்தான். வகுப்புத் தேர்வுகளில் என்ன செய்வது என்பது பெரும்பாலும் தலைமையாசிரியர் கையில்: ஓரமாக ஓர் இடம், பத்து நிமிடம் கூடுதல், வினாத்தாளில் ஒரு பக்கம் முடித்ததும் அடுத்த பக்கத்தைத் திருப்ப நினைவூட்டுவது. கடைசிப் பக்கத்தைப் பார்க்காமலே பேப்பரைக் கொடுத்துவிட்டு வருவதால்தான் இந்தப் பிள்ளைகள் நிறைய மார்க்கை விடுகிறார்கள்.

ஒவ்வொரு ஜூனிலும் புது மிஸ் வருவார், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அதற்கு ஏப்ரலிலேயே பழைய மிஸ்ஸிடம் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதி வாங்கிவிடுங்கள்: எங்கே உட்கார வைத்தார், எந்தச் சைகை வேலை செய்தது, எது சுத்தமாக வேலை செய்யவில்லை, கணக்கில் இலக்கு எத்தனையில் தொடங்கி எத்தனையில் நிற்கிறது. நம் பையனுக்கு அது 8. ஜூனில் புது மிஸ்ஸோடு 8-இல் தொடங்க வேண்டாம், லீவு முடிந்து வந்த பிள்ளை, 6-இல் தொடங்குங்கள்.